சுழி மூடாதிருக்கட்டும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவர் ஒருவர்)

'கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது' என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கோணல் எழுத்துக்காரர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ள உண்டாக்கிய பேச்சாகத்தான் இருக்கவேண்டும். இன்று அந்தத் தேறுதலுக்கும் தேவையில்லாமல் போய்விட்டது. டேப்லெட் என்னும் பலகையில் எழுதுகோலை ஓட்டினால் போதும். நடுங்கிய கோட்டை அதுவே நிமிர்த்தித் தருகிறது. அதைப் படமாகவும் வெக்டராகவும் மாற்றித் துணியிலோ தகரத்திலோ ஸ்டிக்கரிலோ ஏற்றிவிடலாம். நம் கல்லூரி விழாக்களின் பதாகைகளுக்கும் துறை மன்றங்களின் அழைப்பிதழ்களுக்கும் இப்பொழுது தலைப்பு எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதைப்பற்றி நம் மாணவர் நடுவே இரு கட்சிகள் இருக்கின்றன. 'கருவி நிமிர்த்தித் தரும் கோடு கோடே அன்று. அது ஏமாற்று' என்பது ஒரு கட்சி. 'நிமிர்த்தும் அளவை உச்சத்தில் வை. எல்லாம் அழகாக வரும்' என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒன்றைப் பார்க்கத் தவறுகின்றன என்பது என் கருத்து. தமிழ் எழுத்தின் உயிர் அதன் சுழியில் இருக்கிறது. நடுக்கம் எது, சுழி எது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. தெரியாத ஒன்றிடம் எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதே உண்மையான கேள்வி.

பானைக் கடைப் பெயர்ப்பலகை

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவது நல்லது. மானாமதுரைச் சாலையில் பானை, சட்டி விற்கும் என் மாமாவின் கொட்டகைக்கு ஒரு பலகை வேண்டியிருந்தது. 'மண்பானை' என்ற ஒரே சொல். எழுத்துகளின் உயரம் 20 சென்டிமீட்டர்.

சொல் சிறியது, ஆனால் தமிழ் எழுத்து தரக்கூடிய சிக்கல் எல்லாம் இதில் உண்டு. ம, ப இரண்டும் நேர்க்கோடும் மூலையுமாக நிற்பவை. ண் என்பது பள்ளியில் நாம் சொன்ன 'மூன்று சுழி'. தலையில் புள்ளி வேறு. னை என்பதில் 'இரண்டு சுழி' ன ஒன்றும், அதன் முன்னே இரட்டைச் சுருளாக நிற்கும் ஐகாரக் குறி ஒன்றும் இருக்கின்றன. ஒரு மடிப்புக் குறைந்தால் ண என்பது ன ஆகிவிடும். புள்ளி விழுந்தால் 'மண்' என்பது 'மண' ஆகிவிடும்.

நமக்கு இது பெரிய செய்தி அன்று. ஒரு சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுகிறோம். என் தாயார் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். பேருந்துப் பலகையையும் கடைப் பலகையையும் ஓர் எழுத்து, அடுத்த எழுத்து என்று தொட்டுத் தொட்டுத்தான் படிப்பார். அப்படிப் படிப்பவர்க்குச் சுழி மூடிய எழுத்து எழுத்தாகவே தெரியாது. நம் ஊர்ப் பலகைகளைப் படிப்பவர்களில் அவரைப்போன்றோர் பலர்.

நிமிர்த்துதல் என்றால் என்ன?

எழுதுகோல் பலகைமீது போகும்போது, தான் இருக்கும் இடத்தை நொடிக்குப் பல முறை கருவிக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. எத்தனை முறை என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். கணக்குக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். நிமிர்த்தும் வசதியின் மிக எளிய வடிவம், கடைசியாக வந்த சில இடங்களின் சராசரியை எடுத்து அங்கே மையை வைப்பதாகும். கிரிட்டா என்னும் இலவச மென்பொருளில் இது Basic, Weighted, Stabilizer என்ற பெயர்களில் படிப்படியாக இருக்கிறது. பிற மென்பொருள்களில் வேறு பெயர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சராசரியைத் தன் தன் வகையில் எடையிட்டு எடுக்கும். ஆயினும் விளைவின் போக்கு ஒன்றே.

நலமான மனிதரின் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 அதிர்வுகள் கொண்ட மெல்லிய நடுக்கம் எப்பொழுதும் இருக்கிறது. பத்து என்று கொள்வோம். நொடிக்கு 200 இடங்கள் வந்தால் ஓர் அதிர்வுக்கு 20 இடங்கள் ஆகின்றன. ஆகவே 20 இடங்களின் சராசரியை எடுத்தால், அந்த அதிர்வின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நடுக்கம் மறைந்துபோகும். இதுவரை கருவி செய்வது நல்ல வேலை. இதனை ஏமாற்று என்பது பொருந்தாது.

சிக்கல் சுழியில் தொடங்குகிறது. வட்டமாகப் போகும் கோட்டில் அடுத்தடுத்த இடங்களைச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி வட்டத்தின் மேல் விழாது, உட்பக்கமாக விழும். வில்லின் மேலுள்ள புள்ளிகளின் நடுவிடம் எப்போதும் நாணின் பக்கம் சாய்ந்தே இருக்கும் அல்லவா? சராசரி எடுக்கும் இடங்கள் வட்டத்தில் θ என்ற கோணத்தை அடைத்தால் வட்டம் சுருங்கும் அளவு இது:

```
புதிய ஆரம் = பழைய ஆரம் × sin(θ/2) / (θ/2)
```

கோணம் ரேடியனில். இனி ண எழுத்தின் தொடக்கச் சுழிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சுழியின் கணக்கு

எழுத்தை 1,000 பிக்சல் உயரத்தில் எழுதினேன். கோட்டின் தடிப்பு 90 பிக்சல். தொடக்கச் சுழியில் கோட்டின் நடுவழி 75 பிக்சல் ஆரமுள்ள வட்டம். அப்படியானால் நடுவே இருக்கும் துளையின் விட்டம் 75-ஐ இரட்டித்துத் தடிப்பைக் கழித்தால் வருவது. அதாவது 60 பிக்சல். பலகையில் இது 12 மில்லிமீட்டர். சாலையிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிய இது போதும்.

இந்தச் சுழியை அரை நொடியில் சுற்றினால் 100 இடங்கள் பதிவாகின்றன. நடுக்கத்தைப் போக்கும் அந்த 20 இடச் சராசரி 72 பாகைக் கோணத்தை அடைக்கிறது. சூத்திரப்படி ஆரம் 0.935 மடங்காகிறது; 75 என்பது 70 ஆகும். துளை 60-லிருந்து 50 ஆகும். இது கண்ணில் படும், எனினும் பொறுத்துக்கொள்ளலாம்.

அளவை ஏற்றி 25 இடமாக்கினால் கால் வட்டம் அடைபடுகிறது. ஆரம் 0.90 மடங்கு, துளை 45 பிக்சல். 50 இடமாக்கினால் அரை வட்டம் அடைபடுகிறது. ஆரம் 0.637 மடங்கு, துளை 6 பிக்சலுக்கும் குறைவு. 20 சென்டிமீட்டர் உயரப் பலகையில் அது ஒரு மில்லிமீட்டர் அளவே. அங்கே சுழி இல்லை. ஒரு மைப்பொட்டுத்தான் இருக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தபோது துளை நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வழி சுருங்குகிறதே தவிரக் கோட்டின் தடிப்புச் சுருங்குவதில்லை. ஆகவே இழப்பு முழுவதும் துளையின் தலையில் விழுகிறது. தடித்த எழுத்தில் இது இன்னும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. அதே 25 இடச் சராசரியில், இரண்டு நொடி நேரம் எடுத்துக்கொள்ளும் பெரிய வளைவு ஒன்று எவ்வளவு சுருங்கும்? நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய வளைவு அப்படியே நிற்க, சிறிய சுழி மட்டும் வற்றிப்போகிறது. எழுதுபவர் மனத்தில் வைத்திருந்த விகிதம் குலைகிறது. உச்சத்தில் வைத்து எழுதிய தமிழ் எழுத்து வழுவழுப்பாக இருந்தும் ஏதோ நோயுற்றதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆங்கிலப் பெருவெட்டு எழுத்துகளில் சிறு சுழி இல்லை. அவர்கள் உச்சத்தில் வைத்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. ஆங்கில எழுத்துக்குச் சொன்ன அளவை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சுவர் எழுதுவோரின் வழி

மதுரைச் சுவர்களில் முப்பது ஆண்டுகள் விளம்பரம் எழுதிய ஓவியர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் கணக்கைக் கேட்டுக்கொண்டு, தம் கையைக் காட்டினார்.

"தம்பி, கால் இழுக்கும்போது தோளிலிருந்து இழுப்பேன், அப்போ மூச்சைக்கூட விடமாட்டேன். சுழி வந்தால் சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றி விரலால் சுத்துவேன். ரெண்டுக்கும் ஒரே பிடி பிடிச்சா ரெண்டும் கெட்டுப்போகும்" என்றார்.

அவரும் நிமிர்த்தும் வேலையைத்தான் செய்கிறார்; இடக்கையில் ஒரு கோலைப் பிடித்து அதன்மேல் வலக்கையைத் தாங்கியும் எழுதுகிறார். நூலில் சுண்ணாம்பு தோய்த்துச் சுவரில் அடித்துக் கோடு போட்டுக்கொள்கிறார். அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. ஆனால் கோட்டுக்குக் கோடு பிடியை மாற்றுகிறார். டேப்லெட்டிலும் செய்யவேண்டியது அதுவே.

'மண்பானை'யில் நான் கொண்ட வழி இது. ம, ப, கால் ஆகியவற்றின் நேர்க்கோடுகளுக்கு அளவை நன்றாக ஏற்றிக்கொண்டேன். நேர்க்கோட்டில் வளைவு இல்லை. ஆகவே சுருங்குவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் ப எழுத்தின் மூலையை ஒரே இழுப்பில் திரும்பினால் அந்த மூலை மழுங்கிவிடும். அதனால் மூலையில் கோலை எடுத்துவிட்டு அடுத்த கோட்டைத் தனியே தொடங்கினேன். சுழிகளுக்கு அளவைத் தாழ்த்தி, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மெல்லச் சுற்றினேன். அரை நொடிச் சுழியை ஒரு நொடியில் சுற்றினால், அதே 20 இடச் சராசரி 36 பாகையைத்தான் அடைக்கிறது, ஆரம் 0.984 மடங்கு, துளை 57 பிக்சலுக்குமேல். நடுக்கமும் போயிற்று, சுழியும் நின்றது.

மிகவும் மெல்லப் போகலாமா என்றால் அதற்கும் எல்லை உண்டு. மூன்று நான்கு நொடி எடுத்துச் சுற்றினால் கை வேறு வகையில் அலையத் தொடங்குகிறது. அந்த அலைச்சல் நொடிக்கு ஒன்றிரண்டு தடவை வருவது. 20 இடச் சராசரி அதைத் தொடாது. வட்டம் உருளைக்கிழங்காகிவிடும். ஒரு நொடி அளவில் சுற்றப் பழகுவதே நடுவழி.

கெட்டதா இல்லையா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நிமிர்த்தலை அறவே நிறுத்திவிட்டு ஒரு ண எழுதிக்கொள்ளவேண்டும். அதன்மேல் வேறு நிறத்தில், நிமிர்த்தலுடன் எழுதியதை வைத்துப் பார்க்கவேண்டும். நடுங்கிய கோட்டின் நடுவே வழுவழுப்பான கோடு ஓடினால் நல்லது. எல்லாச் சுழியிலும் அது உட்பக்கமே ஒதுங்கி ஓடினால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

அடுக்குகளும் இரண்டு னையும்

அடுக்கு அல்லது லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போன்றது. கீழ்த்தாளில் கோடுகள், அதன்மேல் மங்கலான முதல் வரைவு, அதற்குமேல் மை. மூன்றோடு நிறுத்திவிடுவோர் பலர். தமிழுக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்பேன். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி அடுக்கில் இருக்கவேண்டும். அப்போதுதான் ண அகலமாக வந்து ப நெருங்கிப்போனால் நகர்த்திக்கொள்ள முடியும். புள்ளியும் தனி அடுக்கில் இருக்கவேண்டும். எழுத்தின் தடிப்புக்குக் குறையாத அளவில் அதை வைத்து, எழுத்தின் தலையை ஒட்டிக்கொள்ளாமல் மேலேற்றவோ இறக்கவோ அது உதவும். என் பலகையில் தடிப்பு 90, புள்ளி 110.

அடுக்கின் பயனை எனக்கு நன்றாக உணர்த்தியது னை. இப்பொழுது நாம் எழுதும் னை, தமிழ்நாட்டு அரசு 1978-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் வந்தது; பெரியார் தம் இதழ்களில் நெடுங்காலம் வழங்கிவந்த முறை அது. அதற்குமுன் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரம் எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கைபோல வளைந்து ஒட்டியிருந்தது. மாமா அந்தப் பழைய எழுத்தில் படித்தவர்.

"பழைய னை போடேன். வளைஞ்சு நின்னா பானை வாய் மாதிரியே இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது அழகுணர்ச்சி இல்லாத சொல்லன்று. பழைய வடிவத்தில் எழுத்தின் எண்ணிக்கை குறைகிறது, இடமும் மிச்சமாகிறது. ஆகவே பழைய னை ஓர் அடுக்கிலும் புதிய னை மற்றோர் அடுக்கிலும் எழுதினேன். ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டி இரண்டையும் அவர் வீட்டாரிடம் காட்டினேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பழைய வடிவத்தைக் கண்டு, "இது என்ன எழுத்து மாமா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியோடு வழக்குத் தீர்ந்தது. பலகை படிப்பவர்க்காக, புதிய னையே பலகைக்கு ஏறியது. பழையது அழிக்கப்படவில்லை, அது தன் அடுக்கில் உறங்குகிறது. சுவரில் எழுதியிருந்தால் ஒன்றை அழித்தால்தான் மற்றொன்று.

வெக்டராக்குதல்

இதுவரை எழுதியது பிக்சல் படம். அதாவது கறுப்பும் வெளுப்புமான சிறு கட்டங்கள். பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். வெக்டர் என்பது ஓரத்தைச் சூத்திரமாகச் சொல்வது: இந்தக் கணுவிலிருந்து அந்தக் கணுவரை, இந்த இரு கைப்பிடிகள் இழுக்கும் திசையில் வளைந்து செல் என்று. பிரான்சு நாட்டில் சித்ரோவன் நிறுவனத்தில் டி காஸ்டல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பெசியேயும் கார் உடலின் வளைவுகளுக்காகக் கண்டது இது. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சூத்திரம் மாறாது.

மாற்றுவதற்கு இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் Trace Bitmap என்றொரு வசதி உண்டு. அதனுள்ளே இருப்பது பீட்டர் செலிஞ்சர் எழுதிய பொட்ரேஸ். அது கறுப்பின் ஓரத்தை முதலில் பல நேர்க்கோடுகளாலான பலகோணமாக்கி, பிறகு எது மூலை எது வளைவு என்று முடிவு செய்து வழுவழுப்பாக்குகிறது. பொத்தானை அழுத்தினால் நொடியில் முடிகிறது. பெரும்பாலோர் அதோடு வேலை முடிந்தது என்று கோப்பைக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கேதான் எனக்கு மாறுபாடு.

முதலில் புள்ளி. அந்த வசதியில் Speckles என்று ஓர் அளவு உண்டு. அத்தனை பிக்சல் பரப்புவரை உள்ள சிறு கறைகளை அது துடைத்துவிடும். வழக்கமாக 2 என்று இருக்கும். தாளில் எழுதிப் படமெடுத்த எழுத்தில் அழுக்கு நிறைய இருக்கிறதென்று அதை 100-க்கு ஏற்றுவோர் உண்டு. சிறிய படத்தில் புள்ளியின் விட்டம் 10 பிக்சல் என்றால் பரப்பு 79 பிக்சல்தான். கருவியின் கண்ணில் அதுவும் அழுக்கே. புள்ளி போய்விடும்; மெய் உயிர்மெய்யாகிவிடும். என் எழுத்தில் புள்ளியின் பரப்பு 9,500 பிக்சல், அச்சமில்லை. பெரிதாக எழுதுவதன் பயன் இது.

அடுத்தது மூலையும் இடுக்கும். Smooth corners என்ற அளவு 1 என்று இருக்கும். அதை ஏற்றினால் ப எழுத்தின் மூலையும் வளைவாகக் கருதப்பட்டு உருண்டுவிடும். குறைத்தால் சுழியில் தேவையற்ற முனைகள் தோன்றும். ஒரே எழுத்தில் மூலையும் சுழியும் இருக்கும் தமிழுக்கு ஒரே அளவு முழுதும் பொருந்தாது.

மூன்றாவது கணுக்கள். என் தொடக்கச் சுழி ஒன்றுக்கு மட்டும் கருவி முப்பதுக்கு மேற்பட்ட கணுக்களை வைத்திருந்தது. திரையில் கறுப்பாக நிறைந்திருக்கும்போது இது தெரியாது. Ctrl+5 அழுத்தி வெறும் ஓரக்கோடாகப் பார்த்தால் வட்டம் வட்டமாக இராது. சிறு சிறு மேடு பள்ளங்களாகத் தெரியும். பதாகை அச்சில் இது மறைந்துபோகலாம். ஸ்டிக்கர் வெட்டும் எந்திரத்தில் மறையாது. கத்தி ஒவ்வொரு சிறு துண்டிலும் திசை மாறிமாறித் திரும்ப, ஓரம் பல்பல்லாக வருகிறது.

ஆகவே, கருவி எடுத்துத் தந்த வடிவத்தை முடிவாகக் கொள்ளாமல் அடியில் பூட்டிவைத்த மாதிரியாகக் கொண்டு, மேலடுக்கில் கையால் கணு வைப்பதே சரி என்பது என் துணிபு. அதற்கு விதி எளியது. வளைவு மிக மேலே, மிகக் கீழே, மிக இடப்பக்கம், மிக வலப்பக்கம் போகும் நான்கு இடங்களில் மட்டும் கணு. கைப்பிடிகள் நேர்க்கிடையாகவோ நேர்ச்செங்குத்தாகவோ இருக்கவேண்டும். சுழியின் வெளிவட்டத்துக்கு நான்கு, துளைக்கு நான்கு, ஆக எட்டே கணுக்கள். முழு வட்டமாயின் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் 0.5523 மடங்கு, வெளி ஆரம் 120 என்றால் கைப்பிடி 66. இப்படி வரைந்த வளைவு உண்மை வட்டத்திலிருந்து விலகுவது பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. எழுத்தின் சுழி முழு வட்டமன்று. சற்று முட்டையாக இருக்கும். அங்கேதான் கைப்பிடியை நீட்டியும் குறைத்தும் நம் கையின் சாயலைத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

கடைசியாக ஒரு வேலை. எழுத்தின் கால், உடல், சுழி எனத் தனித்தனியாக வரைந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நிறம் நிரப்பிப் பார்த்தால் ஒன்றாகத் தெரியும். வெட்டும் கத்தியோ ஒவ்வோர் ஓரத்திலும் போய் எழுத்தின் நடுவே கீறிவிடும். Union கட்டளையால் ஒன்றாக்கிவிட்டு மறுபடியும் Ctrl+5 அழுத்திப் பார்க்கவேண்டும். எழுத்துக்குள் குறுக்கே ஒரு கோடும் ஓடக்கூடாது. சுழியின் துளை மட்டும் தனி வளையமாகத் தெரியவேண்டும்.

'மண்பானை' முழுவதற்கும் கணு வைத்து முடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. பொத்தானால் ஆனது ஒரு நொடி. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

இருவருக்கும் என் விடை

'இத்தனை பாடு எதற்கு? எழுத்துரு இருக்கிறதே, தட்டச்சு செய்துவிட்டுப் போகலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. நீண்ட செய்திக்கு எழுத்துருவே சரி. நம் ஊர்ப் பெயராலேயே 'அரிமா மதுரை' என்று ஓர் இலவச எழுத்துரு வந்தது. அதை வரைந்தவர்கள் போர்ச்சுக்கல் நாட்டைச் சேர்ந்த நட்டனேல் காமாவும் ஜோனா கொரெயாவும். தமிழ் பேசாத நாட்டிலிருந்து நம் எழுத்தை அவ்வளவு பொறுமையாக வரைகிறார்கள். ஆனால் எழுத்துருவில் ஒரு ண எந்தச் சொல்லில் வந்தாலும் ஒரே ண. ஒற்றைச் சொல்லை எழுதும்போது, பக்கத்தில் ப வருகிறதா ன வருகிறதா என்று பார்த்து அந்த ண தன்னைச் சற்று ஒடுக்கிக்கொள்ளவும் விரித்துக்கொள்ளவும் முடியும். கையால் எழுதுவதற்கு நியாயம் அந்த ஒன்றுதான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு, சுழியை மட்டும் கருவியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் எழுத்துருவும் இல்லை, கையும் இல்லை என்றாகும்.

ஏமாற்று என்பவர்களுக்கு நான் சொல்வது: பனையோலையில் எழுத்தாணி பிடித்தவருக்கும் ஓலையைத் தாங்க இடக்கை வேண்டியிருந்தது. சமணர்மலைப் பாறையில் வட்டெழுத்தைப் பொறித்தவரும் உளி வழுக்காமல் இருக்க ஏதோ ஒரு வழி கண்டிருப்பார். தாங்குதல் குற்றமன்று. உச்சத்தில் வை என்பவர்களுக்கு நான் சொல்வது: அந்தத் தாங்குதல் எங்கே முடிந்து எங்கே எழுத்தை அழுத்தத் தொடங்குகிறது என்பதைத் துளையை அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

நம் கல்லூரியிலேயே இதைத் தொடங்கலாம். வரும் ஆண்டு மலரின் அட்டைக்கும் துறைப் பலகைகளுக்கும் தலைப்பு எழுதித் தருவோரிடம் மலர்க்குழு மூன்றை மட்டும் பார்க்கட்டும். சுழியின் துளை கோட்டின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருக்கிறதா? மூலப்படத்தில் இருந்த புள்ளிகள் எல்லாம் வெக்டரிலும் இருக்கின்றனவா, எண்ணிப் பார்த்தீர்களா? ஓரக்கோடாகப் பார்க்கும்போது ஒவ்வொரு சுழியும் எட்டுக் கணுக்களுக்குள் அடங்குகிறதா? இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ண ண-வாகவும் ன ன-வாகவும் நின்றால், அதற்குமேல் அழகு யாருடையது என்பதில் எனக்கு வழக்கில்லை.